ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு ரெஸ்யூம், யாரை முன்னால் வைப்பது?

வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். டேட்டா அனலிஸ்ட் இன்டர்வியூவுக்கு ஐந்து பேரைத்தான் கூப்பிடலாம். ஐந்தாம் இடத்தில் இருவருக்கும் 50-க்கு 38. ஒருவருக்கு எஸ்க்யூஎல் 17, ரிப்போர்ட்டிங் 12, துறை அனுபவம் 9. இன்னொருவருக்கு 14, 14, 10. ஷீட்டில் மேலே இருப்பவரை எடுத்தால், பெயரின் அகரவரிசைதான் முடிவு செய்கிறது. அது நியாயமே இல்லை.

வேலையில் பாதி எஸ்க்யூஎல் என்பதால் 17 எடுத்தவரை முன்னால் வைக்கத் தோன்றுகிறது. ஆனால் ரெஸ்யூமைப் பார்த்தபிறகு விதி போட்டால், வேண்டியவருக்காக வளைத்த மாதிரி ஆகிவிடும். இந்த முறை இருவரையும் கூப்பிட மேனேஜரிடம் கேட்கப்போகிறேன்.

அடுத்த முறை விதியை முன்கூட்டியே எழுதிவைக்கப் போகிறேன்: முதலில் எஸ்க்யூஎல், அடுத்து ரிப்போர்ட்டிங். இரண்டும் சமமென்றால் மூன்றாவதும் தானாகவே சமம்தான். அந்த நிலையில் எதைப் பார்க்கிறீர்கள்? சின்ன எஸ்க்யூஎல் டெஸ்ட் வைக்கலாமா? காலேஜ் பெயர் மட்டும் வேண்டாம்.