ஸ்கேன் அறிக்கையில் ‘பிளசென்டா லோ லையிங்’ என்று உள்ளது: பொருளும், கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகளும் தேவை

வெள்ளவத்தைக் கணவன்:
அனைவருக்கும் வணக்கம். என் மனைவியின் ஸ்கேன் அறிக்கை நேற்று மாலை கைக்குக் கிடைத்தது. ஸ்கேன் செய்த வைத்தியர், “பிள்ளை நன்றாக இருக்கிறது, இதை அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள்” என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து வாசித்தபோது ‘பிளசென்டா போஸ்டீரியர், லோ லையிங்’, ‘பிரசென்டேஷன் பிரீச்’, ‘லிக்கர் அடிக்குவேட்’ ஆகிய மூன்று வரிகள் எங்களுக்கு விளங்கவில்லை. கிளினிக் வியாழக்கிழமை. அங்கே எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதால், பதற்றமில்லாமல் எவற்றைக் கேட்கலாம் என்று யாராவது எழுதித் தர முடியுமா? மனைவி இரவு முழுவதும் உறங்கவில்லை.

வத்தளை நிலா:
தம்பி, பிரீச் என்றால் பிள்ளையின் இடுப்பு கீழேயும் தலை மேலேயும் இருக்கிறது என்று பொருள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முப்பத்தேழாவது வாரம் வரை திரும்பவில்லை, கடைசியில் சிசேரியன் செய்தார்கள். நீங்களும் இப்போதே மனத்தைத் தயார்ப்படுத்திக் கொள்ளுங்கள்.

தெஹிவளை மருத்துவமாது:
நிலா, அவர் எத்தனையாவது வாரம் என்றே இன்னும் சொல்லவில்லை. தம்பி, நான்கு விடயங்களை எழுதுங்கள். ஸ்கேன் எத்தனையாவது வாரத்தில் எடுக்கப்பட்டது? ‘லோ லையிங்’ என்ற வரிக்கு அருகில் மில்லிமீற்றரில் ஏதாவது எண் உள்ளதா? வயிற்றின் மேல் வைத்து எடுத்தார்களா, உள்வழியாக எடுத்தார்களா? இதுவரை இரத்தம் கசிந்ததுண்டா?

பழைய உறுப்பினர்:
இப்படிப்பட்ட அரைகுறைக் கேள்விகளுக்கு விடை எழுதியே எனக்கு வயதாகிவிட்டது. பிளசென்டா, அதாவது நச்சுக்கொடி, கீழே இருப்பதை முதலாம் தரம் முதல் நான்காம் தரம் வரை நான்காகப் பிரிப்பார்கள். உங்களுடையது எந்தத் தரம் என்று பார்த்துச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பேசலாம். அறிக்கையை முழுமையாக வாசிக்காமல் இங்கே வந்து கேட்பதில் பயனில்லை.

மட்டக்குளி அண்ணன்:
தரம் எதுவானாலும் மருந்து ஒன்றுதான், அது படுக்கை. காலடியில் இரண்டு தலையணைகளை வைத்து, நாள் முழுவதும் இடது பக்கம் சரிந்து படுத்தால் நச்சுக்கொடி மெல்ல மெல்ல மேலே ஏறிவிடும். என் மனைவிக்கு அப்படிச் செய்துதான் ஏறியது. இன்னொன்று, உள்வழி ஸ்கேனுக்கு எந்தக் காரணம் கொண்டும் சம்மதிக்க வேண்டாம். கீழே இருக்கும் நச்சுக்கொடியில் கருவி பட்டால் இரத்தம் போகும்.

வெள்ளவத்தைக் கணவன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஸ்கேன் எடுத்த அன்று 20 வாரமும் 4 நாட்களும். ‘லோவர் எட்ஜ் 14 மி.மீ. ஃப்ரொம் இன்டர்னல் ஒஸ்’ என்று எழுதியுள்ளார்கள். தரம் எதுவும் இல்லை. வயிற்றின் மேல் வைத்துத்தான் எடுத்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னதால் மனைவி மிகவும் சிரமப்பட்டார். இரத்தக் கசிவு எதுவுமில்லை.

தெஹிவளை மருத்துவமாது:
நன்று தம்பி, இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ‘லிக்கர் அடிக்குவேட்’ என்பது பிள்ளையைச் சுற்றியுள்ள பனிக்குட நீர் போதுமான அளவில் இருக்கிறது என்ற நல்ல செய்தி. ‘பிரீச்’ பற்றி இருபதாவது வாரத்தில் யோசிக்கவே தேவையில்லை. பிள்ளைக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது, காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் திரும்பும். நிலாவுக்கு நடந்தது கடைசி மாதத்துக் கதை.

கவனிக்க வேண்டிய வரி நச்சுக்கொடி பற்றியதுதான். ‘போஸ்டீரியர்’ என்றால் அது கருப்பையின் பின்சுவரில், அதாவது முதுகுப் பக்கம் ஒட்டியிருக்கிறது. ‘இன்டர்னல் ஒஸ்’ என்பது கருப்பைக் கழுத்தின் உள்வாய். பிரசவத்தில் பிள்ளை வெளியேறும் வழி அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் மனைவியின் நச்சுக்கொடியின் கீழ்விளிம்பு அந்த வாயிலிருந்து 14 மி.மீ. தள்ளி நிற்கிறது. 20 மி.மீற்றருக்குக் குறைந்தால் ‘லோ லையிங்’ என்றும், வாயையே மூடியிருந்தால் ‘பிளசென்டா பிறீவியா’ என்றும் எழுதுவார்கள். ஆகவே உங்களுடையது வாயை மூடவில்லை. நான்கு தரங்களாகப் பிரிப்பது பழைய வழக்கம். இப்போது வைத்தியர்கள் பார்ப்பது தூரத்தைத்தான், ஏனெனில் அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட எண் இருந்தால்தான் முடியும்.

நச்சுக்கொடி நகர்வதில்லை, எனவே தலையணை வைத்து அதை ஏற்றவும் முடியாது. கர்ப்பம் வளர வளரக் கருப்பையின் கீழ்ப்பகுதி நீள்கிறது. பாதி ஊதிய பலூனின் வாய்க்கருகே மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டு மேலும் ஊதிப் பாருங்கள். பொட்டு அதே இரப்பரில்தான் இருக்கும், ஆனால் வாயிலிருந்து விலகிவிடும். இருபதாவது வாரத்தில் கீழே காணப்படுபவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இவ்வாறே பிரசவத்துக்கு முன் விலகிவிடுகின்றன. மட்டக்குளி அண்ணனின் மனைவிக்கும், அவர் படுக்காமல் இருந்திருந்தாலும், அநேகமாக விலகியிருக்கும்.

மட்டக்குளி அண்ணன்:
நீங்கள் அனுபவத்தை அலட்சியம் செய்கிறீர்கள். சரி, படுக்கையை விடுங்கள். உள்வழி ஸ்கேன் பற்றி நான் சொன்னதும் பொய்யா? நச்சுக்கொடி கீழே இருந்தால் உள்ளே எதையும் விடக்கூடாது என்று எங்கள் வைத்தியரே சொன்னார்.

தெஹிவளை மருத்துவமாது:
அண்ணா, அதில் பாதி சரி. நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், இரத்தம் போகும் பெண்ணின் கருப்பை வாயை விரலால் சோதிப்பதுதான் ஆபத்து. உங்கள் வைத்தியர் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். உள்வழி ஸ்கேனின் கருவி கருப்பை வாய்க்குள் நுழைவதில்லை; அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. நச்சுக்கொடி கீழே உள்ள பெண்களுக்கும் அது பாதுகாப்பானது, அத்துடன் தூரத்தைச் சரியாக அளப்பதும் அதுதான்.

வயிற்றின் மேலிருந்து எடுக்கும்போது நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையின் கீழ்ப்பகுதியை அமுக்குவதால், நச்சுக்கொடி இருப்பதைவிடக் கீழே தெரியலாம். பின்சுவரில் இருந்தால் பிள்ளையின் தலை மறைப்பதும் உண்டு. தம்பியின் மனைவி தண்ணீர் குடித்துச் சிரமப்பட்டார் என்று வாசித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. அந்த 14 உண்மையில் 14 தானா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பழைய உறுப்பினர்:
தரங்கள் பழையவை என்று அவ்வளவு இலகுவாகத் தள்ளிவிட முடியாது. இன்றும் சில அறிக்கைகளில் அவற்றை எழுதுகிறார்கள். அது இருக்கட்டும், எல்லோரும் ஆறுதல் சொல்வதில் மும்முரமாக இருக்கிறீர்களே, இது எத்தனையாவது கர்ப்பம், முன்பு சத்திரசிகிச்சை நடந்ததா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையா?

வெள்ளவத்தைக் கணவன்:
இது இரண்டாவது. மூத்த மகளுக்கு இப்போது நான்கு வயது, அவள் சிசேரியன்தான். அதை எழுதவேண்டும் என்று நினைக்கவில்லை.

தெஹிவளை மருத்துவமாது:
பழைய உறுப்பினர் கேட்டது மிகச் சரியான கேள்வி. தம்பி, பயப்பட வேண்டாம், ஆனால் உங்கள் கேள்விகளின் வரிசை இதனால் சற்று மாறுகிறது. முன்பு சிசேரியன் நடந்திருந்தாலும், நச்சுக்கொடி பின்சுவரில் இருந்தாலும், அது விலகும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சிறிது குறைவு. சிசேரியன் தழும்பு கருப்பையின் முன்சுவரில் கீழே இருக்கும். நச்சுக்கொடி அந்தத் தழும்பின் மேல் படிந்தால் சதைக்குள் ஆழமாக ஊன்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. உங்களுடையது பின்பக்கம் என்பதால் அந்தக் கவலை குறைவு. என்றாலும் கேட்டுத் தெளிவது நல்லது.

இவற்றை ஒரு தாளில் எழுதி, கர்ப்பிணிப் பதிவேட்டுக்குள் வைத்துக் கொண்டு போங்கள்.

1. “இந்த 14 மி.மீ. நிரம்பிய சிறுநீர்ப்பையோடு வயிற்றின் மேலிருந்து அளந்தது. உள்வழியாக மீண்டும் அளக்க வேண்டுமா, எப்போது?” பொதுவாக 32ஆம் வாரத்தில் பார்ப்பார்கள். அப்போதும் கீழேயே இருந்தால் 36ஆம் வாரமளவில் மீண்டும் பார்த்துப் பிரசவ முறையை முடிவு செய்வார்கள்.

2. “முதல் பிள்ளை சிசேரியன். தழும்புள்ள இடத்தை நச்சுக்கொடி தொடுகிறதா?” பதிவேட்டில் இருக்கிறது, பார்த்திருப்பார் என்று விட்டுவிட வேண்டாம். வாயால் சொல்லுங்கள்.

3. “தொப்புள்கொடி நச்சுக்கொடியில் எங்கே இணைகிறது? கருப்பை வாய்க்குக் குறுக்கே இரத்தக் குழாய் ஏதாவது ஓடுகிறதா?” பலர் கேட்காமல் விடும் கேள்வி இது. நச்சுக்கொடி பிறகு விலகினாலும் ஒரு குழாய் மட்டும் வாயின் குறுக்கே தங்கிவிடுவது அரிதாக நடக்கும். பனிக்குடம் உடையும்போது அது பிள்ளைக்கு ஆபத்து. நிறம் காட்டும் டொப்ளர் ஸ்கேனில் அதைக் காணலாம்.

4. “இரத்தம் பட்டால் நேராக எந்த வைத்தியசாலைக்கு, எந்த விடுதிக்கு வரவேண்டும்?” இந்த வகை இரத்தம் பெரும்பாலும் வலியில்லாமல், பளிச்சென்ற சிவப்பாக வரும். வலிக்கவில்லையே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள், அது இலவசம். மனைவியின் இரத்தம் நெகட்டிவ் வகையென்றால் அதையும் சொல்லுங்கள், கசிவுக்குப் பிறகு ஊசி தேவைப்படும்.

5. “கடைசி ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு?” இரத்தம் போகக்கூடிய ஒருவருக்குக் கையிருப்பு முக்கியம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

வேலை, மாடிப்படி, தாம்பத்திய உறவு ஆகியவற்றை நேரமிருந்தால் கேளுங்கள். இரத்தம் இல்லாதபோது படுக்கையில் கிடப்பதால் நன்மை உண்டென்று காட்டப்படவில்லை. கால்களில் இரத்தம் உறையும் அபாயம்தான் கூடும்.

வெள்ளவத்தைக் கணவன்:
மிக்க நன்றி அக்கா. இன்னொன்று, மாமி ஏழாவது மாதத்தில் மனைவியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்று, பிரசவம் வரை அங்கேயே வைத்திருக்க விரும்புகிறார். இரவு பஸ்ஸில் போகலாமா?

மட்டக்குளி அண்ணன்:
பஸ் வேண்டவே வேண்டாம், ரயிலில் போகட்டும். குலுக்கல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வத்தளை நிலா:
நான் ஆறாவது மாதத்தில் பஸ்ஸில்தான் போய் வந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தாய் வீட்டில் இருந்தால் மூத்த பிள்ளையைப் பார்க்கவும் ஆள் இருக்கும். அதை யாரும் யோசிப்பதில்லை.

தெஹிவளை மருத்துவமாது:
குலுக்கலால் நச்சுக்கொடி பிரியும் என்று பயப்பட வேண்டியதில்லை. எனக்குக் கவலை தருவது தூரம். நடு இரவில் வவுனியாவைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில் இரத்தம் போகத் தொடங்கினால், இரத்த வங்கியும் சத்திரசிகிச்சைக் கூடமும் உள்ள வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும்? நானென்றால் 32ஆம் வார ஸ்கேன் முடியும் வரை மாமியை இங்கே அழைப்பேன். ஆனால் அவர் யாழ்ப்பாணத்திலேயே பெறுவதாக இருந்தால், அங்குள்ள பெரிய வைத்தியசாலையின் கிளினிக்குக்கு முன்கூட்டியே மாறிக்கொள்வதும் நியாயமான வழிதான். இதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

பழைய உறுப்பினர்:
ஆறாவது கேள்வியாக அதையும் தாளில் எழுதுங்கள். மாமியின் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள்.

வெள்ளவத்தைக் கணவன்:
வியாழக்கிழமை போய் வந்தோம். 32ஆம் வாரத்தில் உள்வழி ஸ்கேன் எடுப்பதாகப் பதிவேட்டில் குறித்துள்ளார்கள். நச்சுக்கொடி தழும்பிலிருந்து விலகியே இருக்கிறது என்றார். ஹீமோகுளோபின் 10.4, மாத்திரையைக் கூட்டியுள்ளார். இரத்த வகை பீ பொசிட்டிவ். பயணம் பற்றிக் கேட்டபோது 32ஆம் வாரத்துக்குப் பிறகு பார்ப்போம் என்றார், மாமிக்கு அது பிடிக்கவில்லை.

தெஹிவளை மருத்துவமாது:
மகிழ்ச்சி தம்பி. மூன்றாவது கேள்விக்கு என்ன சொன்னார்?

வத்தளை நிலா:
ஆமாம், அதை அறிய எனக்கும் ஆவலாக உள்ளது. பிள்ளை இப்போதும் பிரீச்தானா?