பள்ளியில் பிள்ளை விழுந்தால் வீட்டுக்கு என்ன எழுதி அனுப்புகிறீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

யுகேஜி மிஸ், ஈரோடு

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புவதுதான் வழக்கம். "விளையாடும்போது விழுந்துவிட்டாள், பயப்பட வேண்டாம்" என்று இருக்கும். அதைப் படிக்கிற அம்மாவுக்குப் பயம்தான் வரும். எப்போது விழுந்தாள், எங்கே பட்டது, யார் பார்த்தது என்று எதுவும் அதில் இருக்காது. அதனால் என் வகுப்பில் மட்டும் ஒரு முழுத் தாளில் எழுத ஆரம்பித்தேன். போன வாரம் எழுதியதை, பெயர் இல்லாமல், அப்படியே தருகிறேன்.

"இன்று காலை 10.50 இடைவேளையில் உங்கள் மகள் சறுக்கின் ஏணியில் இருந்து இறங்கும்போது கால் வழுக்கி மணலில் விழுந்தாள். கீழிருந்து இரண்டாவது படி. அவள் விழுந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். நெற்றி எதில் இடித்தது என்று நான் பார்க்கவில்லை. கைப்பிடிக் கம்பியில் இடித்ததாக அவள் சொன்னாள். விழுந்த உடனே அழுதாள், மயக்கம் இல்லை. வலது புருவத்துக்கு மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புடைப்பு இருக்கிறது. வலது முழங்காலில் சிராய்ப்பு, கொஞ்சம் ரத்தக் கசிவு.

முழங்காலைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, சுத்தமான துணியால் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, பேண்ட் எய்ட் ஒட்டினோம். நெற்றியில் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைத்தோம். மாத்திரை, மருந்து எதுவும் கொடுக்கவில்லை. 11.05க்கு உங்களுக்குப் போன் செய்தோம். 12.30க்குச் சாப்பாடு முழுவதும் சாப்பிட்டாள். வாந்தி இல்லை. 3.15க்கு வேன் ஏறும்போது வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

தலையில் பட்டதால் இரண்டு நாள் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, தலைவலி கூடிக்கொண்டே போவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருப்பது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி வடிவது, இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்."

கீழே என் கையெழுத்து, போன் எண். ஒரு நகல் பள்ளிக் கோப்பில் இருக்கிறது. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? பெற்றோராக இருந்தால், உங்களுக்கு எப்படி வந்திருக்கிறது?

இரட்டைப் பிள்ளைகளின் அப்பா, மதுரை

நல்லா எழுதியிருக்கீங்க மிஸ். ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று முழுக்கத் தூங்க விடக் கூடாது. எங்க அம்மா சின்ன வயசிலிருந்து சொல்றது. அப்புறம் இரும்புக் கம்பியில் பட்டிருக்கு, உடனே டிடி ஊசி போடச் சொல்லி எழுதியிருக்கணும். இந்த இரண்டையும் சேர்த்தால் முழுமையாக இருக்கும்.

குழந்தைகள் வார்டு நர்ஸ், திருச்சி

அண்ணா, அடிபட்ட பிள்ளையை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் உங்கள் அம்மா சொன்னது சரி. தூங்கவே விடக் கூடாது என்பது தேவையில்லை. மதியம் இரண்டு மணிக்குத் தூங்குகிற ஐந்து வயசுப் பிள்ளை அன்றைக்கும் தூங்கத்தான் செய்யும், அழுத களைப்பு வேறு. நன்றாக இருக்கிற பிள்ளை வழக்கமான நேரத்தில் தூங்கலாம். கவலைப்பட வேண்டியது தூக்கமே இல்லாத நேரத்தில் சொக்கிப் போவதும், எழுப்பினால் ஆளை அடையாளம் தெரியாமல் முழிப்பதும்தான். தூங்க விடாமல் வைத்திருந்தால் பிள்ளை எதனால் சோர்ந்திருக்கிறது என்று நமக்கே குழம்பிவிடும்.

ஊசியைப் பொறுத்தவரை தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஒன்றரை வயதில் ஒரு பூஸ்டர், ஐந்து ஆறு வயதில் இன்னொன்று, அதற்குப் பிறகு பத்து வயதிலும் பதினாறிலும் டிடி உண்டு. அட்டைப்படி எல்லாம் போட்டிருந்தால், கழுவிச் சுத்தம் செய்த சிராய்ப்புக்குத் தனியாக ஊசி வேண்டியதில்லை. ஆழமான காயம், மண்ணும் சாணமும் ஏறிய காயம், தவறிப்போன தவணை என்றால் டாக்டரிடம் கேட்க வேண்டும். இரும்பில் பட்டதா மரத்தில் பட்டதா என்பதை வைத்து முடிவாவதில்லை.

மிஸ், உங்கள் குறிப்பில் எனக்குப் பிடித்த வரி "விழுந்த உடனே அழுதாள்" என்பது. எங்களிடம் பிள்ளையைத் தூக்கி வருகிறவர்களிடம் டாக்டர் கேட்கிற முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. உடனே அழுதது என்றால் நினைவு தப்பவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த கேள்வி எவ்வளவு உயரத்திலிருந்து என்பது. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை ஐந்து அடிக்கு மேலிருந்து விழுந்திருந்தால் அதைத் தனியாகக் கவனிப்பார்கள், கைக்குழந்தைக்கு மூன்று அடியே போதும். நீங்கள் இரண்டாவது படி என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஒன்றரை அடியா மூன்று அடியா என்று தெரியாது. அடியில் எழுதுங்கள். தரை மணலா சிமெண்டா என்பதும் வேண்டும், நீங்கள் அதை எழுதிவிட்டீர்கள்.

ஒரு அம்மா, கோவை

என் பையனை இன்னொரு பையன் தள்ளிவிட்டான். பள்ளியில் வந்த குறிப்பில் "சக மாணவருடன் விளையாடும்போது" என்று மட்டும் இருந்தது. யார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எனக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? இங்கே எல்லோரும் ஐஸ், ஊசி என்று பேசுகிறீர்கள். எனக்கு அதுதான் கேள்வி.

யுகேஜி மிஸ், ஈரோடு

அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. நான் இன்னொரு பிள்ளையின் பெயரை எழுத மாட்டேன். தாள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் நாலு வயசுப் பையன் ஒருவன் அந்த வருடம் முழுக்க "தள்ளிவிடுகிறவன்" ஆகிவிடுவான். ஆனால் தள்ளியதை மறைக்கவும் மாட்டேன். "பின்னால் இருந்த மாணவர் கையால் தள்ளியதில் விழுந்தான், நான் பார்த்தேன்" என்று எழுதுவேன். பார்க்காவிட்டால் "தள்ளிவிட்டதாக இவன் சொல்கிறான், விழுந்ததைப் பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை" என்று எழுதுவேன். "விளையாடும்போது" என்று மழுப்பினால் எந்தப் பெற்றோருக்கும் சந்தேகம்தான் வரும். அந்தப் பையனின் வீட்டில் நாங்கள் பேசினோம் என்பதையும் சேர்ப்பேன்.

ஒரு அம்மா, கோவை

பேசினோம் என்று நீங்கள் எழுதினால் நான் நம்ப வேண்டும், அவ்வளவுதானே. மூன்றாவது முறை தள்ளினாலும் பெயர் தெரியாது. இதில் எனக்குச் சமாதானம் இல்லை மிஸ்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

பெயர் விஷயத்தில் நான் மிஸ் பக்கம். மூன்றாவது முறை என்றால் அது தாளில் தீர்கிற விஷயம் இல்லை, இரண்டு வீட்டாரையும் தலைமையாசிரியர் நேரில் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. பல பள்ளி நிர்வாகங்கள் எழுதவே வேண்டாம் என்கின்றன. எழுதினால் நாளைக்கு நம்மையே கேட்பார்கள் என்ற பயம். என் அனுபவத்தில் சண்டை வந்தது எல்லாம் எழுதாத நாள்களில்தான். மாலையில் அம்மா புடைப்பைப் பார்த்துக் கேட்பார், பிள்ளை ஒன்று சொல்லும், ஆயாம்மா ஒன்று சொல்வார், மறுநாள் மிஸ் வேறொன்று சொல்வார். மூன்றும் பொய் இல்லை, ஆனால் மூன்றும் ஒத்துப்போகாது. அன்றே, பார்த்தவரே, நேரம் போட்டு எழுதினால் அந்தச் சிக்கல் வராது. எழுதும்போது "சின்ன அடிதான்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். சின்னதா பெரியதா என்று பெற்றோர் முடிவு செய்யட்டும். நாம் நாணயம் அளவு என்று சொன்னால் போதும்.

தாளை மட்டும் நம்பவும் வேண்டாம். எங்கள் ஊரில் பிள்ளையை வாங்க வருவது பெரும்பாலும் பாட்டிதான். பலருக்குப் படிக்க வராது. வாசலில் நிறுத்தி, கவனிக்க வேண்டியதை வாயால் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்வோம்.

எல்கேஜி பெண்ணின் அம்மா, சென்னை

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திங்கள்கிழமை நெற்றியில் புடைப்பு, குறிப்பு வந்தது, ஐஸ் வைத்தோம். புதன்கிழமை காலையில் எழுந்தால் கண் இமை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது! பள்ளியில் கண்ணில் அடிபட்டதை மறைத்துவிட்டார்கள் என்று அவள் அப்பா அங்கேயே சண்டைக்குக் கிளம்பிவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஏன் அப்படி ஆகிறது என்று இன்றுவரை புரியவில்லை.

குழந்தைகள் வார்டு நர்ஸ், திருச்சி

நெற்றியில் தோலுக்கு அடியில் கட்டிய ரத்தம் மெதுவாகக் கீழே இறங்கி, தோல் தளர்வாக இருக்கிற கண் இமையில் தங்கும். ஒன்றிரண்டு நாளில் புடைப்பு சிறியதாகும், கண் கறுக்கும். பிறகு பச்சை, மஞ்சளாகி மறையும். குறிப்பில் "வலது புருவத்துக்கு மேல்" என்று இடம் எழுதியிருந்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்காது. ஆனாலும் நீங்கள் டாக்டரிடம் காட்டியது சரிதான் அக்கா. நெற்றியில் அடி இல்லாமல் இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தாலோ, காதுக்குப் பின்னால் கறுத்தாலோ அன்றே காட்ட வேண்டும், அது வேறு விஷயம்.

மிஸ், அந்த ஒரு வரியையும் சேர்க்க முடியுமா? "நாளை அல்லது மறுநாள் வலது கண் இமை வீங்கிக் கறுக்கலாம்" என்று?

யுகேஜி மிஸ், ஈரோடு

நெற்றி என்றால் சேர்க்கிறேன். உயரத்தை அடியில் எழுதுவதையும். எங்கள் ஏணியில் இரண்டாவது படி ஒன்றரை அடிதான், அளந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் தாள் நீண்டுகொண்டே போனால் படிக்க மாட்டார்களே என்ற கவலையும் இருக்கிறது. கவனிக்க வேண்டியதை மட்டும் மேலே, கட்டம் கட்டி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பள்ளி வேன் டிரைவர், நாமக்கல்

ஒரு சந்தேகம் மேடம். தாள் பையில் இருக்கும், போன் அம்மாவுக்குப் போயிருக்கும். நடுவில் முக்கால் மணி நேரம் பிள்ளை என் வண்டியில் இருக்கிறது. சாயங்காலம் பாதிப் பிள்ளைகள் வண்டியில் தூங்கிவிடும். அடிபட்ட பிள்ளை எது என்று எனக்கு யாரும் சொல்வதில்லை. அது சும்மா தூங்குகிறதா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

குழந்தைகள் வார்டு நர்ஸ், திருச்சி

இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. வண்டி ஓட்டும்போது நீங்கள் திரும்பிப் பார்க்க முடியாது. உதவியாளர் அக்கா இருந்தால் பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். தூங்கினால் இடையில் ஒருமுறை தட்டி எழுப்பிப் பெயரைக் கேட்கட்டும். சிணுங்கிக்கொண்டே சரியாகச் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கினால் பரவாயில்லை. எழுப்ப முடியவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் வண்டியை ஓரமாக நிறுத்தி 108க்கு அடியுங்கள், பள்ளிக்குப் பிறகு சொல்லலாம்.

என்னைக் கேட்டால் தலையில் பட்ட பிள்ளையை அன்று வேனில் ஏற்றாமல் வீட்டில் இருந்து யாராவது வந்து கூட்டிப்போவது நல்லது.

யுகேஜி மிஸ், ஈரோடு

எல்லா வீட்டிலும் அது முடியாது. என் வகுப்பில் பல அம்மாக்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், ஷிப்ட் நடுவில் வர முடியாது. 11.05க்குப் போன் செய்யும்போதே "வர முடியுமா, வேனில் அனுப்பட்டுமா" என்று கேட்டு, அவர்கள் சொன்ன பதிலையும் தாளில் எழுதிவிடலாம். டிரைவர் அண்ணாவிடம் வண்டி கிளம்பும் முன் நானே வந்து சொல்கிறேன். மற்ற பள்ளிகளில் வேனுக்கு எப்படித் தகவல் போகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.