செட் கேட்டேன், நொறுக்கல் வந்துச்சு: உங்க ‘ஆர்டர் பண்ணது / வந்தது’ கதையையும் சொல்லுங்க

அம்மாபேட்டைக்காரன்

போன ஞாயித்துக்கிழமை நடந்தது. மதுரையிலேருந்து மச்சான் சேலத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தார். “உங்க ஊர் தட்டுவடை செட்டு, தட்டுவடை செட்டுன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றீங்களே மாப்ள, ஒருநாளாச்சும் கண்ணுல காட்டுனீங்களா?” என்றார். வெளியே நல்ல மழை. நடந்தா எட்டு நிமிஷத்துல கடை. ஆனா சோம்பேறித்தனம் யாரை விட்டுச்சு, ஆப்பைத் திறந்தேன்.

படத்தைப் பார்த்ததும் மச்சானுக்கே எச்சில் ஊறிப் போச்சு. கீழே ஒரு தட்டுவடை, அதுமேல சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, பீட்ரூட், கேரட், வெங்காயம்னு கோபுரம் மாதிரி நிக்குது. மேல் வடை சும்மா தொப்பி மாதிரி சாஞ்சிருக்கு. ரெண்டு பிளேட் போட்டேன்.

முப்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சு வந்துச்சு. டப்பாவைத் திறந்தா, செட்டுன்னு எதுவும் இல்லீங்க. ஒரு மூலையில எல்லாம் ஒதுங்கிக் கிடக்கு. மேல் வடை எது, கீழ் வடை எதுன்னு அதைச் செஞ்சவருக்கே தெரியாது. பீட்ரூட் தண்ணியில மொத்தமும் ரோஸ் கலர். மச்சான் ஸ்பூன் கேட்டார். தட்டுவடை செட்டுக்கு ஸ்பூன்!

அவர் சாப்பிட்டுட்டு ரொம்ப மரியாதையா, “நல்லாருக்கு மாப்ள, எங்க ஊர்ல இதைக் கூட்டும்போம்” என்றார்.

ஆப் படத்தையும் டப்பாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, “செட் கேட்டேன், நொறுக்கல் வந்துச்சு”ன்னு எழுதி குடும்பக் குரூப்ல போட்டேன். நொறுக்கல்னா, அதே தட்டுவடையை நொறுக்கி சட்னி, காயோட கலந்து தர்றது, எங்க கடைகள்ல அது தனி ஐட்டம். என் ஆயுசுல நான் போட்ட எந்தப் படத்துக்கும் இவ்வளவு சிரிப்பு வந்ததில்ல, என் கல்யாண ஃபோட்டோ உட்பட. உங்க கதையை எடுத்து விடுங்க.

பைபாஸ் பையன்

இதுக்கெல்லாம் காரணம் ஆவிதான் ப்ரோ. மூடி போட்டதும் உள்ள வேர்த்து எல்லாத்தையும் ஊற வச்சிடும். நான் எப்பவும் கடைக்காரர்கிட்ட மூடியில ரெண்டு ஓட்டை போடச் சொல்லிடுவேன். பிரச்சினை தீர்ந்துச்சு.

செட்டுக்கடை மகள்

தம்பி, பஜ்ஜிக்கும் பரோட்டாவுக்கும் நீங்க சொல்றது சரி. சூடா மூடினா வேர்க்கும். ஆனா தட்டுவடை காலையிலயே சுட்டு ஆறி டின்னுல இருக்கிற சரக்கு. அதுல ஏது ஆவி? ஓட்டை போட்டீங்கன்னா சட்னி வெளிய வந்து டெலிவரி தம்பியோட பை நாசமாகும், அவ்வளவுதான்.

எங்கம்மா 22 வருஷமா தள்ளுவண்டியில செட்டு போடறாங்க. விஷயம் என்னன்னா, எண்ணெயில மாவோட ஈரம் மொத்தமும் போறதாலதான் தட்டுவடை மொறுமொறுன்னு இருக்கு. ஈரம் எங்க கிடைச்சாலும் திரும்பக் குடிச்சிக்கும். சட்னியில தண்ணி இருக்கு. துருவின பீட்ரூட்டும் கேரட்டும் உப்பு, எலுமிச்சை பட்டதும் தண்ணி விடும். எங்க கடையில அம்மா தட்டை நீட்டும்போதே “ஆற வைக்காதீங்க, வாயில போடுங்க”ன்னுதான் சொல்வாங்க. ஏழெட்டு நிமிஷம் தாண்டினா எங்க வீட்டு ஆளே சாப்பிட மாட்டோம். அது முப்பத்தஞ்சு நிமிஷம் வண்டியில குலுங்கி வந்தா, வேகத்தடை பாதி வேலை, சட்னி மீதி வேலை பார்த்திருக்கும்.

இனி ஆப்புல போடறதா இருந்தா, குறிப்பு எழுதற இடத்துல “வடை தனி, காய் தனி, சட்னி தனி”ன்னு எழுதுங்க. வீட்டுல நீங்களே அடுக்கிக்கலாம். எழுதினதைப் பார்க்காத கடையும் உண்டு, அதுக்கு நான் பொறுப்பில்ல.

படத்தைப் பத்தியும் சொல்லிடறேன், மனசு உறுத்துது. எங்க கடைப் படத்தை நான்தான் எடுத்தேன். பீட்ரூட்டைத் துணியில வச்சுப் பிழிஞ்சு, பச்சைச் சட்னியைத் தண்ணி விடாம அரைச்சு, மேல் வடையை மூடாம சாய்ச்சு வச்சேன், உள்ள இருக்கறது தெரியணுமே. காலை வெயில்ல வாசப்படியில வச்சு, ஃபோனைக் கிட்டத்துல கொண்டுபோய் எடுத்தேன். கிட்டத்துல எடுத்தா எலுமிச்சம்பழமும் பூசணி மாதிரி தெரியும். மூணாவது தடவை படம் சரியா விழறதுக்குள்ள கீழ் வடை நமுத்துப் போச்சு. அதை நானே தின்னேன். பொருள் எல்லாம் எங்க கடை பொருள்தான். இது பொய்ப் படமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

பைபாஸ் பையன்

அக்கா, விளம்பரத்துல தேனுக்குப் பதிலா எஞ்சின் ஆயில், பாலுக்குப் பதிலா பசைன்னு ஊத்துவாங்களே, அதுக்கு நீங்க எவ்வளவோ தேவல.

செட்டுக்கடை மகள்

எஞ்சின் ஆயில் விலைக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது தம்பி.

கொலுசுக்கார அக்கா

செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கடை எங்களுது. ஆன்லைன்ல கொலுசு வாங்கலாமான்னுதானே கேக்கறீங்க? வேண்டாம் சாமி. போன மாசம் ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே வந்துச்சு. படத்துல கணுக்காலை முழுக்க மூடற சலங்கைக் கொலுசு. வந்தது ரெண்டு காலுக்கும் சேர்த்து 18 கிராம், நூல் மாதிரி. படத்துல கொலுசு போட்டிருந்தது சின்னக் குழந்தை கால்னு அதுக்கப்புறம்தான் பார்த்திருக்கு! எடை போடாத இடத்துல வெள்ளி வாங்காதீங்க.

அம்மாபேட்டைக்காரன்

அக்கா, நான் கேட்டது அது இல்ல. ஆனா அந்தக் குழந்தைக் கால் கதைக்காகவே உங்களுக்கு ஒரு பிளேட் வாங்கித் தரேன், நேர்ல.

ஏற்காட்டு மழை

குழந்தைக் கால்னதும் என் ஜமக்காளம் ஞாபகம் வந்துடுச்சு. ஏற்காட்டுல எங்களுக்கு ரெண்டு ரூம், தங்க வர்றவங்களுக்கு விடறோம். ஹாலுக்கு ஒரு ஜமக்காளம் தேவைப்பட்டுச்சு. பவானி பக்கத்துலதான் இருக்கு, நேர்ல போயிருக்கணும். மலை இறங்கி ஏற இருபது கொண்டை ஊசி வளைவு, அதுக்கு பயந்து ஆன்லைன்ல போட்டேன். படத்துல பெரிய ஹால், நடுவுல ஜமக்காளம், ஓரத்துல பூ ஜாடி. அளவு 60 × 90னு இருந்துச்சு. அங்குலம்னு நினைச்சேன், அஞ்சடிக்கு ஏழரையடி.

வந்தது சென்டிமீட்டர். ரெண்டடிக்கு மூணடி. பார்சல் கவரே என் கக்கத்துல அடங்குச்சு, அப்பவே வயித்துல புளி கரைச்சுது. எங்க ஆத்தா விரிச்சுப் பார்த்துட்டு, “ஏன்டா, இது ஜமக்காளத்தோட குட்டியா? அம்மா எப்ப வருது?”ன்னு கேட்டுச்சு. திருப்பிப் பார்த்தா பின்பக்கம் வெறும் வெள்ளை. நெய்த ஜமக்காளத்துல கோடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இதுல மேல அச்சடிச்சிருக்கான்.

அப்புறம் ஒருநாள் எங்க பூனை அதுல போய்ச் சரியா அளவெடுத்த மாதிரி படுத்துச்சு. படம் எடுத்துப் போட்டேன். ரூமுக்கு வர்றவங்க இப்ப அந்தப் பூனையைத்தான் கேக்கறாங்க.

மீம்பட்டறை

சேலத்துல சின்னதா ஒரு மீம் பக்கம் நடத்தறேன். ஜமக்காளத்துக்கு ஒரு நோட்டு: அந்த ஆன்லைன் படத்தை மறுபடி பெருசு பண்ணிப் பாருங்க. ஜாடியோட நிழல் தரையில விழுந்து, ஜமக்காளத்துமேல மட்டும் விழலைன்னா, ஜமக்காளத்தைக் கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்காங்க. இன்னொண்ணு, அளவு தெரிஞ்ச பொருள் ஏதாவது படத்துல இருக்கணும். கதவு, பிளக் பாயிண்ட், மனுஷன் கால். ஜாடி எந்த சைஸிலயும் இருக்கும், அதை நம்பக்கூடாது. மனுஷன் கால்லயும் குழந்தைக் கால் இருக்குன்னு இன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

எங்களுக்கு வாரத்துக்குப் பத்துப் படமாவது வரும். மோசமான பொருள் வந்ததுக்கெல்லாம் ஜனங்க சிரிக்கறதில்ல. கிழிஞ்ச சட்டை வந்தா பாவம்பாங்க, அவ்வளவுதான். வந்த பொருள் படத்துல இருந்த எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லணும், ஆனா பிரயோஜனப்படக்கூடாது. ஜமக்காளம் வந்துச்சு, கோடு இருந்துச்சு, குஞ்சம் இருந்துச்சு, உக்காரத்தான் முடியல. அம்மாபேட்டை அண்ணன் டப்பாவுலயும் ரெண்டு சட்னியும் மூணு காயும் இருந்துச்சு, கோபுரம் மட்டும் இல்ல. அங்கதான் சிரிப்பு.

ரெண்டாவது படத்தை அழகா எடுக்காதீங்க. டியூப்லைட் வெளிச்சம், கிழிஞ்ச கவர், ஓரத்துல யாரோட முழங்காலோ தெரியறது, இது போதும். வடிவேலு முகத்தை மூணாவதா ஒட்டறது பழசாயிடுச்சு, படம் நல்லாருந்தா தேவையே இல்ல.

செட்டப் படமும் நிறைய வருது. லைக்குக்காக வீட்டுலயே அமுக்கி எடுப்பாங்க. நான் மூடியோட உள்பக்கத்தைக் கேப்பேன். வண்டியில குலுங்கி வந்திருந்தா சட்னி மூடியில அடிச்சிருக்கும். மூடி பளிச்சுன்னு இருந்தா கையால அமுக்கினதுன்னு சந்தேகப்படலாம். அம்மாபேட்டை அண்ணே, உங்க மூடி?

அம்மாபேட்டைக்காரன்

சட்னி மூடியில மட்டும் இல்ல, பில்லுலயும் இருக்கு. தொகை படிக்க முடியல, அது ஒருவகையில நல்லது.

ரிட்டயர்டு வாத்தியார்

ஏற்காடு தம்பி, சிரிச்சிட்டு விட்டுட்டீங்களா? 2020ல வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள்படி, விளம்பரத்துல சொன்ன தன்மை பொருள்ல இல்லைன்னா விக்கிறவர் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பூனை படத்தோட சேர்த்து, பொருள் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கணும். பிறகு மாத்திடுவாங்க.

ஏற்காட்டு மழை

சார், கீழே ‘விவரங்கள்’னு ஒரு இடத்தை அமுக்கினா சென்டிமீட்டர்னு போட்டிருக்கான். மேல வெறும் நம்பர்தான். அப்ப அவன் சொன்னானா, சொல்லலையா?

ரிட்டயர்டு வாத்தியார்

அளவுக்குச் சொன்னான்னு அவன் வாதாடுவான். அந்தப் பெரிய ஹால் படத்தை வச்சு நீங்க வாதாடலாம். எது நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அச்சடிச்சதை நெய்ததுன்னு எழுதியிருந்தா, அதுல நீங்க பலமா நிக்கலாம்.

செட்டுக்கடை மகள்

நான் ஒண்ணு கேக்கணும். போன வருஷம் எங்க டப்பாவை இப்படித்தான் ஒருத்தர் போட்டார், கடை பேரோட. பெரிய கம்பெனிக்கு அதெல்லாம் கொசுக்கடி. எங்களுக்கு ரெண்டு வாரம் ஆர்டர் வரல. செட்டு ஊறிப் போறது எங்க தப்பா, தூரத்தோட தப்பா?

மீம்பட்டறை

நான் சின்னக் கடைன்னா பேரை மறைச்சுத்தான் போடறேன்.

பைபாஸ் பையன்

எனக்கு உடன்பாடில்ல. காசு கொடுக்கறவன்தான் ஏமாந்து போறான். பெருசோ சின்னதோ பேர் தெரியணும். ஊறிப் போகும்னு தெரிஞ்சும் ஆப்புல ஏன் வைக்கணும்?

செட்டுக்கடை மகள்

வைக்கலைன்னா மழை நாள்ல வியாபாரமே இல்ல தம்பி. வந்து ஒருநாள் வண்டி பக்கத்துல நில்லுங்க.

அம்மாபேட்டைக்காரன்

சண்டை போடாதீங்க. நான் பேரைப் போடல, போடவும் மாட்டேன். மறுநாள் மழை விட்டதும் மச்சானைக் கடைக்கே கூட்டிட்டுப் போனேன். நின்னுக்கிட்டே மூணு பிளேட். நாலாவதா நொறுக்கல் கேட்டார். “ஓ, இதுதான் நொறுக்கலா? அப்ப அன்னைக்கு வந்தது என்ன?” என்றார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நேத்து ராத்திரி மதுரையிலேருந்து ஒரு படம் அனுப்பியிருக்கார். அவர் வீட்டுக்கு ஆப்புல வரவழைச்ச ஜிகர்தண்டா. ஐஸ்கிரீம் கரைஞ்சு, கடல்பாசி அடியில படிஞ்சு, டம்ளர் முழுக்க ஒரே பழுப்புத் தண்ணி. மூடியில பால் அடிச்சிருக்கு, நிஜம்தான். கீழே ஒரு வரி: “மாப்ள, எங்க ஊர்லயும் கூட்டு வைக்க ஆரம்பிச்சிட்டாங்க.”