புதுப்பிப்பு: பள்ளிக் காது டெஸ்டில் ஃபெயிலான மகள், மூன்று மாதம் கழித்து

அப்போது நான் கேட்டது: “ஸ்கூல்ல காது டெஸ்ட்ல பொண்ணு ஃபெயிலாம். கூப்பிட்டா திரும்புறாளே, நம்பலாமா?”

டெஸ்டை நம்பலாம். பள்ளியில் பிள்ளைகளுக்கு ஹெட்போன் மாட்டி 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை 20 டெசிபெல் அளவில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகக் கொடுத்தார்கள், இவள் இடது காதில் இரண்டுக்குக் கை தூக்கவில்லை. வலது காது நன்றாக இருந்ததால்தான் கூப்பிட்டதும் திரும்பியிருக்கிறாள்.

“அழுக்குதான், எண்ணெய் விடுங்க” என்று அப்போது பதில் போட்ட அண்ணன் சொன்னது பாதி சரி, அழுக்கு அடைத்தாலும் ஃபெயில் ஆகும். ஆனால் உள்ளே பார்க்காமல் எதையும் ஊற்ற வேண்டாம் என்று கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அக்கா தடுத்தது நல்லதாயிற்று. டாக்டர் பார்த்தபோது அழுக்கே இல்லை. அப்புறம் சின்ன ரப்பர் முனையைக் காதில் வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி: வலதில் வரைபடக் கோடு மலைபோல் எழுந்தது, இடதில் தட்டையாகவே ஓடியது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, பெரும்பாலும் தானாக வற்றும், மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள்.

போட் எஞ்சின் சத்தத்தில் தன் காது போனதைப் பதிலில் சொன்ன மாமா, உங்களுடையது உள்காது நரம்பு சம்பந்தப்பட்டது, இது வேறு.

நேற்று ராமநாதபுரத்தில் சத்தம் புகாத அறையில், கேட்கும் அளவைக் காட்டும் முழு ஆடியோகிராம் எடுத்தோம். டிம்பனோமெட்ரி கோடு இன்னும் தட்டைதான், இடது காதில் 30 டெசிபெல் வரை குறைவு. செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பதா, இன்னும் காத்திருப்பதா என்று டாக்டர் முடிவு சொல்லவில்லை. அதுவரை வகுப்பில் முன்வரிசையில், வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருக்கிறோம்.