தாத்தாவை வெட்டி எடுப்பதா, பச்சைத் துணியில் மறுபடி எடுப்பதா?

பாம்பன் பையன்:
1964 புயலைப் பற்றித் தாத்தா பேசுவதை தனுஷ்கோடி மணலில் நிற்க வைத்து எடுத்தேன். போனில் 4கே, 25 ஃபிரேம், மொத்தம் 3 நிமிடம். வெள்ளைத் தாடி, கையில் வலை, பின்னால் மதிய வானம், நல்ல காற்று. அவரை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் புயல் இரவை வைக்க வேண்டும். ஏஐ போதுமா, பச்சைத் துணி கட்டி மறுபடி எடுக்கணுமா?

தொண்டி கேமரா:
துணியெல்லாம் பழைய கதை தம்பி. Resolve என்ற எடிட்டிங் மென்பொருளில், ஆளைத் தானாகவே பின்னணியிலிருந்து பிரிக்கும் Magic Mask இருக்கிறது, காசு கட்டிய ஸ்டுடியோ பதிப்பில் மட்டும். தாத்தா மேல் ஒரு கோடு இழுத்து, டிராக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போ. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை, பெண்ணை இப்படித்தான் வெட்டுகிறேன். இதுவரை ஒரு கஸ்டமரும் குறை சொன்னதில்லை. கையால் ரோட்டோ போட்டால், அதாவது ஃபிரேம் ஃபிரேமாக ஓரத்தை வரைந்தால், 4,500 ஃபிரேம், யார் உட்காருவது?

கேணிக்கரை ஸ்டுடியோ:
மாப்பிள்ளை தலையில் எண்ணெய் தடவிப் படிய வாரியிருப்பார். இங்கே காற்றில் தாடி பறக்கிறது, கையில் வலை வேறு. வலைக் கண்ணுக்குள் தெரியும் வானத்தை எந்த மாஸ்க்கும் பிரிக்காது. வலை முழுவதையும் ஒரே மூட்டையாகப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் முழுசாக விட்டுவிடும். பச்சைத் துணி என்றால் கண் கண்ணாகப் பிரிந்து வரும். 10க்கு 10 அடித் துணியோடு அரிச்சல்முனைக்கே போ தம்பி, அதே வெயில் கிடைக்கும்.

மண்டபம் அக்கா:
அரிச்சல்முனையில் 10க்கு 10 துணி கட்டினால் அது பாய்மரம். இரண்டு பேர் பிடித்தாலும் நிற்காது. நின்றாலும் மடிப்புக்கு மடிப்பு நிழல் விழும், ஒரே பச்சை பத்துப் பச்சையாகிவிடும். துணியை வீட்டுச் சுவரோரம், காற்று மறைவில், நிழலில் இழுத்துக் கட்ட வேண்டும். தாத்தா துணியிலிருந்து எட்டு, பத்து அடி தள்ளி நிற்க வேண்டும், கிட்டே நின்றால் வெள்ளைத் தாடியில் பச்சை ஏறிவிடும். தாடி பறக்க ஒரு டேபிள் ஃபேன் போதும்.

தொண்டி அண்ணன் சொன்ன மாஸ்க்கிலும் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஆள் எங்கே முடிகிறார் என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். ஒரு தாடி முடி ஒரு பிக்சலை விட மெல்லியது. அந்தப் பிக்சலில் பாதி முடி, பாதி வானம். மாஸ்க் சரியாக 'பாதி' என்று சொன்னாலும், அந்த நிறத்தில் கலந்திருக்கும் வானம் கூடவே வரும். பகல் வானத்திலிருந்து வெட்டி இன்னொரு பகல் வானத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. கல்யாண வீடியோவில் யாரும் கேட்காததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். புயல் இரவில் வைத்தால் தாடியைச் சுற்றி வெள்ளைக் கோடு எரியும். பச்சைத் துணியில் கலந்தது என்ன நிறம் என்று முன்பே தெரியும், அதனால் அதைக் கழித்துவிடலாம். வானம், கடல், மணல் என்று மாறிக்கொண்டே போகும் பின்னணியில் எதைக் கழிப்பது?

தம்பி, முதலில் காற்று அதிகமாக இருக்கும் இரண்டு வினாடியை மட்டும் வெட்டிப் பார். மாஸ்க்கைக் கறுப்பு வெள்ளையாகத் தனியே ஓடவிடு. காது, விரல் ஓரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் கொதிக்கிற மாதிரி ஆடினால் அங்கே மட்டும் கையால் ரோட்டோ போட வேண்டும். அப்புறம் கீழே கருநீலத்தை வைத்து வெள்ளைக் கோட்டைப் பார்.

கீழக்கரை வாசி:
எனக்கும் இதே பிரச்சினை. சேதுக்கரையில் எடுத்த வீடியோவில் குறுக்கே ஒருத்தர் நடந்து போகிறார். ஆளை வெட்டி எடுக்க எந்த ஆப் நல்லது?

பாம்பன் பையன்:
அண்ணே, நீங்கள் ஆளை அழிக்கக் கேட்கிறீர்கள். நான் தாத்தாவை வைத்துக்கொண்டு தனுஷ்கோடியை அழிக்கக் கேட்கிறேன்!

மண்டபம் அக்கா:
கீழக்கரை அண்ணே, ஸ்டாண்டில் வைத்து எடுத்திருந்தால் வேலை சுலபம். அவர் மறைத்த இடம் மற்ற ஃபிரேம்களில் திறந்து கிடக்கும், அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். அலை இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டு தெரியும்.

பாம்பன் தம்பி, வலை என்ன நிறம்?

பாம்பன் பையன்:
பச்சை நைலான்.

மண்டபம் அக்கா:
கேணிக்கரை அண்ணே, பச்சைத் துணி முன்னால் பச்சை வலை. கண்ணோடு நூலும் போய்விடும்.

கேணிக்கரை ஸ்டுடியோ:
சரி, நீலத் துணி கட்டலாம். அதற்காக என் பேச்சு தப்பாகிவிடாது. இதுவரை யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மதிய வெயிலில் மூக்கின் நிழல் உதட்டில் விழுந்திருக்கும். எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் அந்த நிழல் முகத்தோடு வரும். புயல் இரவில் உச்சி வெயில் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவன் கேட்பான். மறுபடி எடுத்தால்தான் அது தீரும்.

தொண்டி கேமரா:
இருட்டாக்கி நீலம் ஏற்றினால் நிலா வெளிச்சம் ஆகிவிடும்.

கேணிக்கரை ஸ்டுடியோ:
புயலில் ஏது நிலா அண்ணே?

மண்டபம் அக்கா:
வெளிச்ச விஷயத்தில் கேணிக்கரை அண்ணன் சொல்வது சரி, எனக்கு மறுப்பில்லை. ஆனால் போனிலேயே மறுபடி எடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக போன் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிகிறது, நிறத்தை நாலு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் பதிகிறது. துணியின் நிறத்தை நம்பிப் பின்னணியை நீக்கினால், அதாவது கீ எடுத்தால், தாடி ஓரம் படிக்கட்டாக வரும். 4கே-யில் எடுத்து, 1080-க்குச் சுருக்கிவிட்டுக் கீ எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பாம்பன் பையன்:
மறுபடி எடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பேசும்போது ஓரிடத்தில் தாத்தாவின் குரல் உடைந்துவிட்டது. இன்னொரு முறை சொல்லச் சொன்னால் கதை வரும், அது வராது.

மண்டபம் அக்கா:
அப்படியென்றால் எடுத்ததை விடாதே. மார்புக்கு மேல் மட்டும் தெரியும்படி வெட்டிவிடு, 4கே என்பதால் தாங்கும். வலை ஃபிரேமை விட்டுப் போய்விடும், பாதித் தலைவலி தீர்ந்தது. வலையைத் தனியாக எடு. பழைய பருத்தி நூல் வலை வெளிறியதாகக் கிடைத்தால் கறுப்புத் துணி முன்னால் பிடிக்கச் சொல்லி, நிறத்தை விட்டு வெளிச்சத்தை வைத்தே கீ எடு. 64-ஐப் பற்றிய கதைக்கு நைலானை விட அதுதான் பொருந்தும்.

பாம்பன் பையன்:
(இரண்டு நாள் கழித்து) இரண்டு வினாடி பார்த்தேன் அக்கா. உடம்பு, தோள் எல்லாம் சுத்தம். காது கொஞ்சம் ஆடுகிறது. தாடியில் நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடு அப்படியே இருக்கிறது. மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே இழுத்தால் கோடு போகிறது, கூடவே பறக்கும் முடியும் போகிறது, தாத்தா சவரம் செய்த மாதிரி ஆகிவிடுகிறார். பின்னணியைக் கருநீலத்திலிருந்து மேகச் சாம்பலுக்கு மாற்றினேன். கோடு முக்கால்வாசி மறைந்துவிட்டது.

தொண்டி கேமரா:
நீ போட்ட துண்டைப் பார்த்தேன். போனில் எனக்கு எந்தக் கோடும் தெரியவில்லை.

கேணிக்கரை ஸ்டுடியோ:
ஊர் மண்டபத்தில் புரொஜெக்டரில் போட்டுப் பாருங்கள், கடைசி வரிசைக்கும் தெரியும். மூக்கு நிழல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பாம்பன் பையன்:
தாத்தாவிடமும் காட்டினேன். "அன்னிக்கி ராத்திரி மேகமெல்லாம் எங்கடா தெரிஞ்சுச்சு? கைய நீட்டினா கை தெரியல" என்கிறார்.

மண்டபம் அக்கா:
அவர் சொல்கிறபடி முழு இருட்டு வைத்தால் தாடிக்கோடு முன்னை விட மோசமாக எரியும் தம்பி. சாம்பல் வைத்தால் தாத்தா ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த ஃபிரேம்களை அனுப்பு, உள்பக்கத் தாடி நிறத்தை ஓரத்துக்கு இழுத்துப் பார்க்கிறேன். வருமா என்று சொல்ல முடியாது.