புதுப்பிப்பு: அப்பா பைபாஸ் ஆபரேஷன், ஹெல்த் இன்சூரன்ஸ் கிளைம்

போன தடவ கேட்டது: "5 லட்சம் பாலிசி, பில் 4.8 லட்சம், ஏன் பாதிதான் வந்துச்சு?"

இன்சூரன்ஸ் கம்பெனி லெட்டர் கைக்கு வந்துருச்சு. ரூம் வாடகை லிமிட் நாளுக்கு 5,000, அப்பா இருந்தது 10,000 ரூம், அத வச்சு ஆபரேஷன் தியேட்டர், டாக்டர் ஃபீஸ், மருந்து, டெஸ்ட்னு மொத்தத்தையும் பாதியா வெட்டிட்டாங்க. அம்மா வருஷக்கணக்கா கட்டுன ஆர்டிய உடைச்சுத்தான் மீதிய கட்டினோம்.

இங்க ஒரு அண்ணன் சொன்னது கரெக்ட், மருந்து, டெஸ்ட், ஐசியுல அப்படி வெட்டக்கூடாதுன்னு 2020லயே இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ சொல்லிருக்கு. அதுல மட்டும் 90,000 வரணும், கம்பெனிக்கு புகார் போட்டாச்சு.

5 லட்சத்துக்கு மேல போற செலவுக்கு டாப்-அப் பாலிசி எடுத்திருக்கலாம்னவருக்கு, பில்லே 5 லட்சம் தாண்டலையே, அது எங்க வேலை செய்யும்?

30 நாள்ல பதில் வரலன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போறோம், அதுக்கு ஃபீஸ் கிடையாது. டாக்டர் ஃபீஸ்ல வெட்டுனது கிடைக்குமான்னு தெரியல.