தேக்கு அலுமாரியும் வெள்ளை அலுமாரியும் ஒரே அறையில்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். போன மாதம்தான் கலியாணம், வெள்ளவத்தையில் பத்துக்குப் பதினொரு அடி அறை. என்னுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மாவின் தேக்கு அலுமாரி, அவருடையது வெள்ளை மெலமைன் அலுமாரி, இரண்டையும் விட முடியாது. கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடக்க இரண்டே முக்கால் அடி மிஞ்சும், கதவுகளும் திறக்கும். ஆனால் அது கடற்பக்கச் சுவர், மழைக்கு ஈரம் ஊறும், அலுமாரியை ஒட்டி வைத்தால் பின்பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று அங்குலம் தள்ளி வைத்தால் போதுமா? அப்புறம் நிறம். மெலமைனில் பெயின்ட் சும்மா பூசினால் உரிந்துவிடும், உரசி பிரைமர் அடிக்க வேண்டும், அதைவிடக் கதவுகளை மட்டும் தேக்கு நிறத்தில் மாற்றலாம் என்கிறார் அவர். இப்படி யாராவது செய்திருக்கிறீர்களா? நல்ல தச்சர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.